ஐஓயூ 0.88 இருந்தும் ஃபால்ஸ் பாசிட்டிவா? எம்ஏபி-யைக் கையால் போடச் சொன்ன கேள்வி

காற்றாலை

கம்ப்யூட்டர் விஷன் வேலைக்கு நேர்காணல் வருகிறது. நண்பர் ஒருவர் மாதிரி நேர்காணல் நடத்தினார். லைப்ரரி எதுவும் தொடாமல், டிடெக்டரின் தரத்தை அளக்கும் ஏபி என்ற எண்ணைப் பேனாவால் கணக்கிடு என்று கீழே இருக்கும் அட்டவணையைக் கொடுத்தார். ஒரே வகுப்பு, நாய். மூன்று படங்கள்: அ, ஆ, இ. அ-வில் இரண்டு நாய், ஆ-வில் இரண்டு, இ-யில் ஒன்று, ஆக உண்மையில் இருப்பவை ஐந்து. டிடெக்டர் கொடுத்த பாக்ஸ்கள் ஏழு. கடைசிப் பத்தி, அந்த பாக்ஸ் எந்த நாயோடு அதிகமாகப் பொருந்துகிறது, எவ்வளவு ஐஓயூ, அதாவது இரண்டு பாக்ஸின் பொதுப் பரப்பை இரண்டும் சேர்ந்த மொத்தப் பரப்பால் வகுத்தால் என்ன வருகிறது என்பது.

```
எண்  படம்  ஸ்கோர்  பொருத்தம்
1    ஆ     0.95    ஆ1, 0.82
2    அ     0.90    அ1, 0.71
3    ஆ     0.85    ஆ1, 0.88
4    இ     0.70    இ1, 0.41
5    அ     0.60    அ2, 0.64
6    இ     0.50    இ1, 0.78
7    அ     0.30    எதுவுமில்லை
```

ஐஓயூ வரம்பு 0.5. ஆ1 என்ற ஒரே நாய்க்கு 1, 3 என்று இரண்டு பாக்ஸ் வந்திருக்கிறது. 3-க்குத்தான் ஐஓயூ அதிகம் என்பதால் அதை ட்ரூ பாசிட்டிவ் ஆக்கி, 1-ஐ ஃபால்ஸ் பாசிட்டிவ் ஆக்கினேன். ஏபி 0.533 வந்தது. நண்பர் 0.667 என்கிறார், காரணத்தை நீயே கண்டுபிடி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிகம் பொருந்தும் பாக்ஸைத் தள்ளிவிட்டுக் குறைவாகப் பொருந்துவதை ஏற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. யாராவது விளக்க முடியுமா?

செல்வம்77

நீங்கள் செய்ததில் தப்பில்லையே. நன்றாகப் பொருந்துவதுதானே நல்ல டிடெக்‌ஷன். உங்கள் நண்பர் வேறு ஏதாவது வழியில் போட்டிருப்பார். எனக்குத் தெரிந்தவரை ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக ஏபி போட்டு, மூன்றின் சராசரி எடுக்க வேண்டும், எம்ஏபி-யில் முன்னால் நிற்கும் எம் அதுதான். அப்படிப் போட்டுப் பாருங்கள்.

ஐஓயூ ஃபங்ஷனையும் நிச்சயம் எழுதச் சொல்வார்கள். நான் மனப்பாடமாக வைத்திருப்பது இது:

```python
def iou(a, b):  # x1, y1, x2, y2
    iw = min(a[2], b[2]) - max(a[0], b[0])
    ih = min(a[3], b[3]) - max(a[1], b[1])
    inter = iw * ih
    area_a = (a[2] - a[0]) * (a[3] - a[1])
    area_b = (b[2] - b[0]) * (b[3] - b[1])
    return inter / (area_a + area_b - inter)
```

பிக்ஸல்பாண்டி

காற்றாலை, உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி.

ஏபி-யில் பாக்ஸ்கள் வரிசையில் நிற்கின்றன. அதிக ஸ்கோர் முதலில். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறோம். இந்த பாக்ஸ் தன் நாயோடு 0.5-க்கு மேல் பொருந்துகிறதா, அந்த நாயை இதற்கு முன்னால் வேறு யாரும் எடுக்காமல் இருக்கிறார்களா என்று இரண்டே கேள்வி. இரண்டுக்கும் ஆம் என்றால் ட்ரூ பாசிட்டிவ், அந்த நாய் இனி எடுக்கப்பட்டது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஃபால்ஸ் பாசிட்டிவ். வரம்பைத் தாண்டிய பிறகு 0.82-ம் 0.88-ம் ஒன்றுதான், ஐஓயூ-வுக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது. ஆகவே 1-ஆம் பாக்ஸ் ஆ1-ஐ எடுத்துக்கொண்டது, 3 வரும்போது ஆ1 காலியாக இல்லை, 3 டூப்ளிகேட்.

ஏன் இப்படி வைத்தார்கள்? ஸ்கோர் என்பது மாடல் தன் வாயால் சொன்ன வாக்கு. இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன் என்று அது 1-ஐ முன்னால் நிறுத்திவிட்டது. விடையைப் பார்த்துவிட்டு, இல்லை இல்லை, 3-தான் உன் உண்மையான பதில் என்று நாம் மாற்றிக் கொடுத்தால் மாடலுக்குப் பதில் நாம் பரீட்சை எழுதுகிறோம். உங்கள் கணக்கில் மாற்றிக் கொடுத்ததும் மதிப்பெண் கூடவில்லை, குறைந்தது. வரிசையின் முதல் இடத்திலேயே ஒரு தவறு வந்து உட்கார்ந்துகொண்டதுதான் காரணம்.

இப்போது கணக்கு. வரிசைப்படி முடிவுகள்: சரி, சரி, தவறு, தவறு, சரி, சரி, தவறு. ஒவ்வொரு படியிலும் இதுவரை வந்ததில் எத்தனை சரி என்பது பிரிசிஷன், இருக்கும் ஐந்தில் எத்தனை கிடைத்தது என்பது ரீகால்.

```
எண்  முடிவு  பிரிசிஷன்      ரீகால்
1    சரி     1/1 = 1.000    0.2
2    சரி     2/2 = 1.000    0.4
3    தவறு    2/3 = 0.667    0.4
4    தவறு    2/4 = 0.500    0.4
5    சரி     3/5 = 0.600    0.6
6    சரி     4/6 = 0.667    0.8
7    தவறு    4/7 = 0.571    0.8
```

ரீகால் 0.6-இல் பிரிசிஷன் 0.600, ஆனால் 0.8-க்குப் போனால் 0.667 ஆக ஏறுகிறது. கீழே இறங்கிய கோடு மறுபடி மேலே ஏறுவதை விடமாட்டார்கள். ஒவ்வொரு ரீகாலிலும், அந்த இடத்திலோ அதற்கு வலப்புறமோ கிடைக்கும் அதிகபட்ச பிரிசிஷனை வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே 0.4 வரை 1.0, 0.4-லிருந்து 0.8 வரை 0.667, அதற்கப்புறம் பூஜ்ஜியம், ஏனென்றால் ஆ2 கிடைக்கவே இல்லை. இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பரப்புதான் ஏபி: 0.4 × 1 + 0.4 × 0.667 = 0.667.

நேர்காணலில் இந்தப் படிக்கட்டை வரைந்து காட்டுங்கள். சூத்திரத்தை ஒப்பிப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். பரப்பு எடுக்கும் முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். பாஸ்கல் விஓசி என்ற போட்டியில் 2007-இல் ரீகால் 0, 0.1, 0.2 என்று 11 புள்ளிகளில் பிரிசிஷனை எடுத்துச் சராசரி போட்டார்கள், அந்த முறையில் இதே அட்டவணைக்கு 0.697 வரும். 2010-லிருந்து விஓசி முழுப் பரப்புக்கு மாறியது. கோகோ என்ற டேட்டாசெட்டின் மதிப்பீட்டில் 101 புள்ளிகள், 0.670 வரும். மாடல் ஒன்றுதான், டேட்டாவும் ஒன்றுதான், எண் மட்டும் மூன்று.

செல்வம்77

சரி, டூப்ளிகேட் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படவாரியாக ஏன் கூடாது? இ படத்தில் இருக்கும் நாயும் அ படத்தில் இருக்கும் நாயும் எப்படி ஒரே வரிசையில் நிற்கும், சம்பந்தமே இல்லையே?

பிக்ஸல்பாண்டி

பொருத்திப் பார்ப்பது படத்துக்குள்தான் நடக்கும், அதில் நீங்கள் சொல்வது சரி. இ படத்து பாக்ஸ் அ படத்து நாயை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வரிசை போடுவது எல்லாப் படங்களையும் சேர்த்து. எம் என்பது வகுப்புகளுக்கு மேல் எடுக்கும் சராசரி. நாய்க்கு ஒரு ஏபி, பூனைக்கு ஒரு ஏபி, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பது. பத்தாயிரம் நாயும் ஐம்பது பூனையும் இருந்தாலும் இரண்டுக்கும் சம எடைதான், அதனால் அபூர்வமான ஒரு வகுப்பு மொத்த எண்ணையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

படவாரியாகப் போட்டால் என்ன கெடும் என்று கேட்டால், ஒரு படத்தில் 0.9 என்று சொல்லும் மாடல் இன்னொரு படத்தில் அதே உறுதிக்கு 0.3 என்று சொல்லலாம். அந்தந்தப் படத்துக்குள் வரிசை ஒழுங்காக இருப்பதால் படவாரி ஏபி இரண்டுக்கும் நல்ல மார்க் போட்டுவிடும். ஆனால் வேலையில் இறக்கும்போது நீங்கள் படத்துக்கு ஒரு வெட்டு ஸ்கோர் வைக்கப்போவதில்லை, எல்லாப் படத்துக்கும் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தினால்தான் அந்தக் குறை வெளியே தெரியும்.

நாயே இல்லாத படங்களையும் யோசித்துப் பாருங்கள். அங்கே டிடெக்டர் நான்கு நாயைக் கற்பனை செய்தால் அந்தப் படத்தின் ரீகாலுக்கு வகுப்பதற்கு எண்ணே இல்லை. பொது வரிசையில் அந்த நான்கும் தவறாக நின்று பிரிசிஷனைக் குறைக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அகிலா_ர

இந்தக் கேள்வியை நேர்காணல்களில் நான் கேட்பதுண்டு, அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

முதலில் செல்வம் போட்ட கோட். மனப்பாடம் செய்திருப்பதாகச் சொன்னதால் சொல்லியே ஆக வேண்டும், அதை நான் ஓடவிடச் சொல்லும் முதல் ஜோடி இதுதான்:

```python
iou([0, 0, 10, 10], [20, 20, 30, 30])
```

இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. `iw` 10 − 20 = −10, `ih` அதேபோல் −10, பெருக்கினால் `inter` 100. இரண்டின் பரப்பும் தலா 100, கூட்டி 100-ஐக் கழித்தால் யூனியன் 100. விடை 1.0. மூலைக்கு மூலை விலகி நிற்கும் இரண்டு பாக்ஸ் அச்சு அசலாக ஒன்று என்று ஃபங்ஷன் சொல்கிறது. ஒரு திசையில் மட்டும் விலகியிருந்தால் `inter` எதிர்ம எண்ணாகி ஐஓயூ-வும் எதிர்மமாகும், அது வரம்பைத் தாண்டாததால் யார் கண்ணிலும் படாது. இரண்டு திசையிலும் விலகினால்தான் இந்தக் கூத்து. மாற்ற வேண்டியது இவ்வளவுதான்:

```python
iw = max(0, min(a[2], b[2]) - max(a[0], b[0]))
ih = max(0, min(a[3], b[3]) - max(a[1], b[1]))
```

இதை எழுதியபின் பாக்ஸின் வடிவம் என்னவென்று அவர்களாகவே என்னைக் கேட்டால் இன்னும் மகிழ்ச்சி. கோகோ குறிப்புக் கோப்பில் `[x, y, width, height]`, பல மாடல்கள் கொடுப்பது இரண்டு மூலைகள். மாற்றாமல் செருகினாலும் கோட் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும், ஏபி மட்டும் தரையில் கிடக்கும்.

அடுத்து நான் கேட்பது: இதே அட்டவணையில் வரம்பை 0.5-லிருந்து 0.85-க்கு ஏற்றினால் எந்த பாக்ஸ் சரி, எது தவறு? காற்றாலை, நீங்களே போட்டுப் பாருங்கள். இதில் ஒரு திருப்பம் இருக்கிறது.

காற்றாலை

போட்டுப் பார்த்தேன். வரம்பு ஏற ஏற சரியானவை ஒவ்வொன்றாக உதிரும் என்றுதான் நினைத்தேன். 0.65-இல் 5-ஆம் பாக்ஸ் போய்விட்டது, 0.75-இல் 2-ஆம் பாக்ஸ், 0.80-இல் 6. ஆனால் 0.85-இல் 1-ஆம் பாக்ஸ் தவறிவிடுகிறது, அதன் ஐஓயூ 0.82-தான். அதனால் ஆ1 யாரும் எடுக்காமல் நிற்கிறது, 3-ஆம் பாக்ஸ் 0.88-உடன் வந்து எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு நேரம் டூப்ளிகேட் என்று திட்டு வாங்கிய பாக்ஸ் இப்போது ட்ரூ பாசிட்டிவ்! இதுதானே திருப்பம்?

0.50-லிருந்து 0.95 வரை 0.05 இடைவெளியில் பத்து வரம்புக்கும் பரப்பு முறையில் போட்டது இது, யாராவது சரிபாருங்கள்.

```
0.50, 0.55, 0.60   0.667
0.65, 0.70         0.500
0.75               0.267
0.80               0.200
0.85               0.067
0.90, 0.95         0
சராசரி             0.353
```

அகிலா_ர

அதேதான், எண்களும் சரி. பரப்பு முறைக்குப் பதில் கோகோவின் 101 புள்ளிகளில் போட்டால் கடைசி இலக்கம் கொஞ்சம் நகரும், 0.357 வரும். சரி, தவறு என்ற முத்திரை பாக்ஸோடு ஒட்டியது இல்லை, வரம்பு மாறும்போது பொருத்தலை முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும் என்பதைப் பார்க்கத்தான் இந்தக் கேள்வி. 0.5-இல் ஒருமுறை பொருத்தி வைத்துக்கொண்டு, பிறகு ஐஓயூ குறைந்தவற்றை மட்டும் வடிகட்டுவது போல் பலர் கோட் எழுதுகிறார்கள். அந்தக் கோடில் 0.85-க்கு 0.067 வராது, பூஜ்ஜியம் வரும்.

கோகோ முடிவுகளில் வெறுமனே ஏபி என்று போடுவது இந்தப் பத்தின் சராசரி. அது வகுப்புகளுக்கு மேலும் எடுத்த சராசரிதான், அங்கே ஏபி என்றும் எம்ஏபி என்றும் பிரித்துச் சொல்வதில்லை. ஒருவர் 0.667 என்றும் இன்னொருவர் 0.353 என்றும் சொன்னால் இரண்டும் ஒரே மாடலாக இருக்கலாம், இந்த அட்டவணையே அதற்குச் சாட்சி.

நிழல்

ஒரு குறுக்குக் கேள்வி. 1, 3 என்று இரண்டு பாக்ஸும் ஆ1-ஐ இவ்வளவு நெருக்கமாகப் பொருந்தினால், ஒன்றோடொன்று அதிகம் பொருந்தும் பாக்ஸ்களில் ஸ்கோர் குறைந்ததை நீக்கும் என்எம்எஸ் 3-ஐ முதலிலேயே வெட்டியிருக்க வேண்டாமா? ஒன்று கழித்தல் ஐஓயூ என்பது தூரத்துக்குரிய முக்கோண விதிக்குக் கட்டுப்பட்டது. 1-க்கும் ஆ1-க்கும் தூரம் 0.18, 3-க்கும் ஆ1-க்கும் 0.12, ஆகவே 1-க்கும் 3-க்கும் நடுவில் தூரம் 0.30-ஐத் தாண்டாது. அதாவது அவை இரண்டின் ஐஓயூ குறைந்தது 0.70. என்எம்எஸ் வரம்பு 0.5 என்று வைத்திருந்தால் 3 இந்த அட்டவணைக்கே வந்திருக்காது. இட்டுக்கட்டிய உதாரணம்.

பிக்ஸல்பாண்டி

அழகான வாதம், மறுக்க முடியாது. ஆனால் என்எம்எஸ் வரம்பை 0.75 என்று தளர்வாக வைத்து, அந்த இரண்டின் ஐஓயூ 0.72 என்றால் அட்டவணை அப்படியே நிற்கும். நெருக்கமாக நிற்கும் பொருட்களைத் தவறவிடாமல் இருக்க அப்படித் தளர்த்துபவர்கள் உண்டு. என்எம்எஸ்ஸே இல்லாத டிடெக்டர்களும் இருக்கின்றன, அவற்றில் டூப்ளிகேட்டைத் தவிர்க்க வேண்டியது பயிற்சியின் பொறுப்பு.

3-ஐ வெட்டினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். 0.5 வரம்பில் வரிசை சரி, சரி, தவறு, சரி, சரி, தவறு என்று ஆகிறது, ஏபி 0.667-லிருந்து 0.72-க்கு ஏறுகிறது. 0.85-இல் மட்டும் 0.067 போய் பூஜ்ஜியமாகிறது. பத்து வரம்பின் சராசரி 0.353-லிருந்து 0.368. இந்த அட்டவணையில் வெட்டுவதுதான் லாபம், ஆனால் உச்ச வரம்புகளில் ஒரு சின்ன நஷ்டத்தோடு.

தூரிகை

என் பிரச்சினையும் இதே இனம் என்று நினைக்கிறேன், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பெல்ட்டில் ஓடும் பாகங்களில் கீறல் கண்டுபிடிக்கும் மாடல். புதிய மாடலுக்கு எம்ஏபி நன்றாகவே ஏறியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. லைனில் மாட்டியதும் கீறல்களைத் தவறவிடுகிறது, பழையது பரவாயில்லை என்கிறார்கள். பழையதற்கும் புதியதற்கும் வெட்டு ஸ்கோர் 0.6-தான், அதை மாற்றவில்லை. எம்ஏபி பொய் சொல்கிறதா? பேசாமல் அக்யூரசி போட்டுவிடலாமா என்று மேலே கேட்கிறார்கள்.

பிக்ஸல்பாண்டி

அக்யூரசி இங்கே போடவே முடியாது. சரியாகக் கண்டுபிடிக்காமல் விட்டவை எத்தனை என்று எண்ண வேண்டும், கீறல் இல்லாத இடத்தில் வரையாமல் விட்ட பாக்ஸ்களுக்கு எண்ணிக்கையே கிடையாது.

உங்கள் எம்ஏபி பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. ஏபி பார்ப்பது வரிசையை மட்டும். காற்றாலையின் அட்டவணையில் ஏழு ஸ்கோரையும் பாதியாக்குங்கள்: 0.475, 0.45 என்று போகும். வரிசை மாறவில்லை, ஏபி அதே 0.667. ஆனால் 0.6 என்ற வெட்டில் ஒரு பாக்ஸ்கூட மிஞ்சாது, ஒரு நாயும் கிடைக்காது. புதிய மாடல் எல்லா ஸ்கோரையும் கொஞ்சம் அடக்கிச் சொல்கிறது என்பது என் ஊகம். பயிற்சி முறையோ லாஸ் ஃபங்ஷனோ மாறினால் இது சகஜம். இரண்டு மாடலின் ஸ்கோர்களையும் ஹிஸ்டோகிராம் போட்டுப் பாருங்கள், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதன் மறுபக்கம் நேர்காணலுக்கும் வரும். ஏபி கணக்கிடுவதற்கு முன்னால் வெட்டு ஸ்கோர் வைத்து பாக்ஸ்களைத் தூக்கி எறிந்தால் என்ன ஆகும்? அட்டவணையில் 0.55-க்குக் கீழே இருப்பதை எறிந்தால் 6-ஆம் பாக்ஸ் போய்விடும், ரீகால் 0.6-லேயே நின்றுவிடும், ஏபி 0.4 + 0.2 × 0.6 = 0.52. 7-ஐ மட்டும் எறிந்தால் ஒன்றும் மாறாது, ஏனென்றால் கடைசிச் சரிக்குப் பின்னால் எத்தனை தவறு நின்றாலும் பரப்பு குறையாது. அதனால்தான் மதிப்பீட்டில் வெட்டு ஸ்கோரை 0.001 போல மிகக் கீழே வைக்கிறார்கள். குப்பை நிறைய வரும், வரிசையின் வாலில் கிடக்கும் குப்பை ஏபி-யைத் தொடாது.

தூரிகை

ஹிஸ்டோகிராம் போட்டேன். நீங்கள் சொன்னது பாதி பொருந்துகிறது. புதிய மாடலின் ஸ்கோர்கள் தாழ்ந்துதான் இருக்கின்றன. வெட்டை 0.4-க்கு இறக்கினால் தவறவிட்டவற்றில் பல திரும்பி வருகின்றன. ஆனால் கூடவே தூசியையும் நிழலையும் கீறல் என்கிறது, பழைய மாடலில் இவ்வளவு இல்லை.

அகிலா_ர

கீறல்கள் எவ்வளவு பெரியவை? பிக்ஸலில் சொல்லுங்கள். எம்ஏபி என்று நீங்கள் சொல்வது 0.5 வரம்பிலா, பத்தின் சராசரியா?

தூரிகை

பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பிக்ஸல். சில நீளமானவை நூறைத் தாண்டும். எம்ஏபி பத்தின் சராசரி.

அகிலா_ர

அப்படியானால் இதையும் பாருங்கள். 10 × 10 பாக்ஸை இரு திசையிலும் 2 பிக்ஸல் நகர்த்தினால் வெட்டுப் பரப்பு 64, யூனியன் 136, ஐஓயூ 0.47. 0.5 வரம்பிலேயே தோல்வி. அதே 2 பிக்ஸலை 100 × 100 பாக்ஸில் நகர்த்தினால் 0.92. படங்களில் கீறலைக் குறித்து வைத்தவரின் கை 2 பிக்ஸல் ஆடியிருந்தாலே உங்கள் சின்னக் கீறல்கள் எல்லாம் தவறு என்று எண்ணப்படும். இதை வைத்துப் பார்த்தால் உங்கள் எம்ஏபி ஏறியது சின்னக் கீறல்களால் என்று நம்புவது கடினம். நீளமான கீறல்களின் பாக்ஸ் 0.75-லிருந்து 0.85-க்கு இறுகியிருந்தாலே சராசரி ஏறிவிடும், லைனில் நிற்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பாக்ஸ் இறுக்கமா தளர்வா என்பது அவருக்கு எதற்கு, கீறல் இருக்கிறதா இல்லையா என்பதுதானே கேள்வி.

`pycocotools` 32 × 32 பிக்ஸல் பரப்புக்குக் கீழே இருப்பவற்றை `small` என்று தனியாகக் காட்டும், அந்த வரியைப் பாருங்கள். 0.5 வரம்பையும் தனியாகப் பாருங்கள். அந்த இரண்டும் ஏறாமல் மொத்தம் மட்டும் ஏறியிருந்தால் விஷயம் புரிந்துவிடும். என்னைக் கேட்டால் உங்கள் வேலைக்குப் பத்தின் சராசரியை விட்டுவிட்டு, 0.3 போன்ற தளர்ந்த வரம்பில், லைன் தாங்கும் பிரிசிஷனை நிர்ணயித்துக்கொண்டு, அங்கே ரீகால் எவ்வளவு என்று ஒரே எண்ணைச் சொல்லுங்கள்.

பிக்ஸல்பாண்டி

கடைசி வாக்கியத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே வெட்டில் அளந்தால் டெஸ்ட் செட்டில் நான்கைந்து கீறல் இப்படி அப்படிப் போனாலே எண் குதிக்கும், மாடலை மாற்றி மாற்றிப் பார்க்கும் கட்டத்தில் அதை நம்பி முடிவெடுக்க முடியாது. ஒப்பிடுவதற்கு ஏபி, அதுவும் தளர்ந்த வரம்பில். மாட்டும்போது வெட்டைத் தனியாக வேலிடேஷன் செட்டில் தேடுங்கள், மாடல் மாறும் ஒவ்வொரு முறையும் புதிதாக.

அகிலா_ர

டெஸ்ட் செட் சின்னது என்பது மெட்ரிக்கின் குற்றம் இல்லையே. ஏபி-யில் அந்த ஆட்டம் மறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

செல்வம்77

இவர்கள் இருவரும் முடிப்பதற்குள் காற்றாலையின் நேர்காணலே முடிந்துவிடும். என் பங்குக்கு ஒரு கேள்வி. 3-ஆம் பாக்ஸ் ஆ1-ஐ 0.88 பொருந்துகிறது, பக்கத்தில் ஒட்டி நிற்கும் ஆ2-வையும் 0.55 பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆ1 போய்விட்டது, சரி. ஆ2 காலியாகத்தானே இருக்கிறது, அதை 3 எடுத்துக்கொள்ளலாமா?

பிக்ஸல்பாண்டி

நல்ல கேள்வி, இங்கேதான் விஓசியும் கோகோவும் பிரிகின்றன. விஓசி கோட் முதலில் அதிகம் பொருந்தும் நாய் எது என்று பார்க்கிறது, அது ஆ1. பிறகுதான் அது காலியா என்று கேட்கிறது, இல்லை என்றதும் தவறு என்று முத்திரை குத்திவிட்டு நகர்கிறது, ஆ2 பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கோகோ கோட் ஏற்கெனவே எடுக்கப்பட்டவற்றைத் தாண்டிவிட்டு மிச்சமிருப்பதில் தேடுகிறது, அதனால் 3 ஆ2-வை எடுத்துக்கொள்ளும்.

வித்தியாசம் சின்னது இல்லை. 0.5 வரம்பில் விஓசி வழியில் அதே 0.667. கோகோ வழியில் வரிசை சரி, சரி, சரி, தவறு, சரி, சரி, தவறு என்று ஆகி ஐந்து நாயும் கிடைத்துவிடும், ஏபி 0.6 + 0.4 × 0.833 = 0.933.

செல்வம்77

அந்த பாக்ஸ் ஆ1-ஐச் சுற்றி வரைந்தது என்று கண்ணால் பார்த்தாலே தெரியுமே. ஆ2-வைக் கண்டுபிடித்ததாக அதற்கு எதற்கு மார்க்?

பிக்ஸல்பாண்டி

உங்கள் கண்ணுக்கு அப்படித் தெரியலாம், கூட்டமான படத்தில் ஒன்றன் மேல் ஒன்று நிற்கும்போது யாரைச் சுற்றி வரைந்தது என்று யார் சொல்வது. இரண்டு வழிக்கும் ஆதரவாளர்கள் உண்டு. நேர்காணலில் எந்த வழி என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காற்றாலை

நண்பரிடம் இந்த 3-ஆம் பாக்ஸ் மாற்றத்தைப் போட்டுக் காட்டினேன், 0.933 வரவே வராது என்கிறார். அவர் எழுதி வைத்திருக்கும் கோடைக் கேட்டிருக்கிறேன், வந்ததும் இங்கே போடுகிறேன்.